ஒரே அளவுக்கு இரண்டு முக்கோணமா? வயல் வரைபடக் கணக்கில் எழும் சந்தேகங்களும் விளக்கங்களும்

மயிலாடுதுறை உள்ளிட்ட காவிரிப் படுகை மாவட்டங்களில் வாய்க்காலோ சாலையோ குறுக்கே போகும் இடங்களில் வயலின் ஒரு பகுதி முக்கோணமாக ஒதுங்கிவிடுவது உண்டு. அத்தகைய நிலத்தின் புலப்படத்தையோ கையால் வரைந்த படத்தையோ செல்போனில் படம் எடுத்து, விடுபட்ட பக்கத்தையும் பரப்பையும் கணக்கிட முயல்வோர் பலர். பத்தாம் வகுப்பு வரை படித்த செங்கோண முக்கோணக் கணக்கு இதற்குப் போதாது. பதினோராம் வகுப்பில் வரும் சைன் விதியும் கொசைன் விதியும் தேவைப்படுகின்றன.

இந்த விதிகளைப் பயன்படுத்தும்போது சில அளவுகளுக்கு ஒன்றுக்குப் பதிலாக இரண்டு விடைகள் கிடைக்கும். இரண்டுமே கணக்குப்படி சரியானவை என்பதால் குழப்பம் ஏற்படுகிறது. இது குறித்து பொதுவாக எழும் சந்தேகங்களுக்கான விளக்கங்கள் இங்கே தரப்படுகின்றன. இதில் உள்ள வயல் அளவுகள் கணக்கை விளக்குவதற்காக எடுத்துக்கொள்ளப்பட்டவை. குறிப்பிட்ட எந்த நிலத்துக்கும் உரியவை அல்ல.

## படமும் அளவும்

செல்போனில் எடுத்த படத்தில் ஸ்கேல் வைத்து நீளத்தை அளக்கலாமா?

அளக்கக் கூடாது. வரைபடத்தின் ஓரத்தில் எழுதப்பட்டிருக்கும் அளவுத்திட்டம் அச்சிட்ட தாளுக்கு மட்டுமே பொருந்தும். திரையில் படம் பெரிதானாலும் சிறிதானாலும் அது செல்லாது. படத்தில் எழுதியிருக்கும் எண்களை மட்டுமே கணக்குக்கு எடுத்துக்கொள்ள வேண்டும்.

கோணத்தையாவது படத்திலிருந்து பாகைமானியால் அளக்கலாமா?

படம் தாளுக்கு நேர் மேலிருந்து எடுக்கப்பட்டிருந்தால் கோணம் ஓரளவு சரியாக இருக்கும். செல்போன் சாய்ந்திருந்தால் தாளின் தொலைவான பகுதி சுருங்கியும் அருகில் உள்ள பகுதி விரிந்தும் பதிவாகும். அதனால் கோணங்கள் மாறிவிடும். தாளின் நான்கு மூலைகளும் படத்தில் செங்கோணமாகத் தெரிகின்றனவா என்று பார்த்தால் சாய்வு இருந்ததா என்பது தெரிந்துவிடும்.

புலப்படத்தில் கோணங்கள் குறிக்கப்பட்டிருக்குமா?

பொதுவாக இருக்காது. தமிழக அரசின் நில அளவைத் துறை தயாரிக்கும் புலப்படத்தில் எல்லைக் கோடுகள், மூலைவிட்டங்கள் ஆகியவற்றின் நீளங்களே எழுதப்பட்டிருக்கும். புலத்தை முக்கோணங்களாகப் பிரித்து ஒவ்வொன்றின் பக்கங்களையும் பதிவு செய்வதால் கோணம் இல்லாமலேயே உருவம் உறுதியாகிவிடுகிறது. இந்தப் படத்தை அரசின் eservices.tn.gov.in இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் ஆகிய விவரங்களைக் கொடுத்துப் பார்க்கலாம்.

பழைய வரைபடத்தில் உள்ள எண்கள் மீட்டரா, வேறு அளவா?

பழைய படங்களில் நீளம் லிங்க் கணக்கில் இருக்கக்கூடும். 100 லிங்க் ஒரு சங்கிலி. அது 66 அடி, அதாவது 20.12 மீட்டர். ஒரே முக்கோணத்தில் ஒரு பக்கம் லிங்க்கிலும் மற்றொரு பக்கம் மீட்டரிலும் இருந்தால், கணக்கைத் தொடங்கும் முன் எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு மாற்ற வேண்டும்.

படத்தில் ஓர் எண் தெளிவாக இல்லை என்றால் என்ன செய்வது?

முதலில் மூன்று பக்கங்களையும் சோதித்துப் பார்க்கலாம். எந்த இரு பக்கங்களைக் கூட்டினாலும் மூன்றாவது பக்கத்தை விடக் கூடுதலாக இருக்க வேண்டும். 60, 40, 108 என்று படித்தால் முக்கோணமே அமையாது. அந்த 108 என்பது 103 ஆகவோ 10.8 ஆகவோ இருக்குமா என்று பார்த்தால் அவையும் பொருந்தாது என்பதால், மூலப் படத்தையே மீண்டும் பார்க்க வேண்டும்.

## எந்த விதி, எப்போது?

சைன் விதி என்பது என்ன?

முக்கோணத்தின் ஒரு பக்கத்தை, அதற்கு எதிரே உள்ள கோணத்தின் சைன் மதிப்பால் வகுத்தால் கிடைக்கும் எண், மூன்று பக்கங்களுக்கும் ஒன்றாகவே இருக்கும் என்பதே சைன் விதி. A, B, C ஆகிய கோணங்களுக்கு எதிரே உள்ள பக்கங்களை முறையே a, b, c என்று குறித்தால் விதி இவ்வாறு அமையும்:

a / sin A = b / sin B = c / sin C

கொசைன் விதி என்பது என்ன?

இரண்டு பக்கங்களும் அவற்றுக்கு இடையே உள்ள கோணமும் தெரிந்தால் மூன்றாவது பக்கத்தைத் தருவது கொசைன் விதி. கோணம் A சரியாக 90 பாகை என்றால் cos A பூச்சியமாகி, பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றமே மிஞ்சும். விதி இவ்வாறு அமையும்:

a² = b² + c² − 2bc cos A

எந்தக் கணக்குக்கு எந்த விதியைப் பயன்படுத்த வேண்டும்?

மூன்று பக்கங்கள் தெரிந்தாலும், இரு பக்கங்களும் இடைக்கோணமும் தெரிந்தாலும் கொசைன் விதியில் தொடங்க வேண்டும். இரு கோணங்களும் ஒரு பக்கமும் தெரிந்தால் சைன் விதி போதும். இந்த மூன்று நிலைகளிலும் முக்கோணம் அமையுமானால் விடை ஒன்றே. இரு பக்கங்களும், அவற்றில் ஒன்றுக்கு எதிரே உள்ள கோணமும் தெரியும் நிலையில்தான் இரண்டு விடைகள் வர வாய்ப்புண்டு.

மூன்று கோணங்களும் தெரிந்தால் முக்கோணத்தைக் கண்டுபிடிக்க முடியுமா?

உருவத்தைக் கண்டுபிடிக்கலாம், அளவைக் கண்டுபிடிக்க முடியாது. ஒரே கோணங்களுடன் சிறிய வயலும் இருக்கலாம், பெரிய வயலும் இருக்கலாம். குறைந்தது ஒரு பக்கத்தின் நீளமாவது தெரிந்திருக்க வேண்டும்.

ஒரே ஒரு பக்கத்தை அளந்து மற்ற இரு பக்கங்களையும் அறிய முடியுமா?

அந்தப் பக்கத்தின் இரு முனைகளிலும் உள்ள கோணங்களை அளந்தால் முடியும். காவிரியின் ஒரு கரையில் 50 மீட்டர் கோடு ஒன்றை அளந்து, எதிர்க்கரை மரம் ஒன்றை அதன் இரு முனைகளிலிருந்தும் பார்த்தால் கோணங்கள் 62 பாகை, 71 பாகை என வருவதாகக் கொள்ளலாம். மரத்தில் அமையும் கோணம் 180 − 62 − 71 = 47 பாகை. 62 பாகை உள்ள முனையிலிருந்து மரத்தின் தொலைவு 50 × sin 71° ÷ sin 47° = 64.64 மீட்டர், ஆற்றில் இறங்காமலே இது கிடைக்கிறது.

இந்த முறை தமிழ்நாட்டில் பயன்படுத்தப்பட்டதா?

நில அளவையாளர் வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரலில் சென்னை பரங்கிமலை அருகே சுமார் 12 கிலோமீட்டர் நீள அடிக்கோட்டை அளக்கத் தொடங்கியது இந்த முறையில்தான். அந்த ஒரு நீளத்திலிருந்து, தியோடலைட் கருவியால் கோணங்களை மட்டும் அளந்து, அடுத்தடுத்த முக்கோணங்களின் பக்கங்கள் கணக்கிடப்பட்டன. காவிரிப் படுகையில் குன்றுகள் இல்லாததால் கோயில் கோபுரங்கள் நோக்கு நிலையங்களாயின. 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் ஏற்றும்போது ஏறத்தாழ அரை டன் எடையுள்ள அந்தக் கருவி சுவரில் மோதிச் சேதமடைந்தது. பின்னர் அது சரிசெய்யப்பட்டது.

## மூன்று பக்கங்களும் தெரிந்தால்

50, 60, 70 மீட்டர் பக்கங்கள் கொண்ட வயலின் கோணங்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

மிகப் பெரிய பக்கமான 70 மீட்டருக்கு எதிரே உள்ள கோணத்தை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அதன் கொசைன் மதிப்பு (50² + 60² − 70²) ÷ (2 × 50 × 60), அதாவது 1,200 ÷ 6,000 = 0.2, எனவே கோணம் 78.46 பாகை. இதே முறையில் 60 மீட்டருக்கு எதிரே 57.12 பாகையும், 50 மீட்டருக்கு எதிரே 44.42 பாகையும் கிடைக்கும். மூன்றையும் கூட்டினால் 180 வருவதால் கணக்கு சரி.

இதன் பரப்பு எவ்வளவு?

இரு பக்கங்களின் பெருக்கலில் பாதியை இடைக்கோணத்தின் சைன் மதிப்பால் பெருக்கினால் பரப்பு வரும். ½ × 50 × 60 × sin 78.46° என்பது 1,469.7 சதுர மீட்டர். ஒரு சென்ட் 40.47 சதுர மீட்டர் என்பதால் இது 36.3 சென்ட் ஆகிறது. தஞ்சைப் பகுதி வழக்கில் ஒரு மா என்பது சுமார் 33 சென்ட். இந்த வயல் ஒரு மாவுக்குச் சற்றுக் கூடுதல்.

ஏன் பெரிய பக்கத்துக்கு எதிரே உள்ள கோணத்தை முதலில் பார்க்க வேண்டும்?

ஒரு முக்கோணத்தில் 90 பாகைக்கு மேற்பட்ட கோணம் ஒன்றுதான் இருக்க முடியும். அப்படி ஒன்று இருந்தால் அது பெரிய பக்கத்துக்கு எதிரேதான் இருக்கும். கொசைன் மதிப்பு மிகையாக வந்தால் குறுங்கோணம், குறையாக வந்தால் விரிகோணம் என்று உடனே தெரிந்துவிடும். சைன் மதிப்பில் இந்த வேறுபாடு தெரியாது. 60 பாகைக்கும் 120 பாகைக்கும் சைன் மதிப்பு ஒன்றே.

## இரண்டு விடைகள் வரும் நிலை

இரண்டு முக்கோணங்கள் கிடைப்பது எப்படி?

வயலின் A மூலையில் கோணம் 35 பாகை, AB வரப்பு 60 மீட்டர், BC வரப்பு 40 மீட்டர் என்று படத்தில் எழுதியிருப்பதாகக் கொள்ளலாம். AC வரப்பின் நீளமும் C மூலை இருக்கும் இடமும் தெரியாது. A மூலையிலிருந்து அந்த வரப்பு செல்லும் திசை மட்டும் தெரியும். B மூலையில் முளை அடித்து 40 மீட்டர் கயிற்றைக் கட்டி, அதன் மறுமுனையை வட்டமாக இழுத்துச் சென்றால் அது AC வரப்பை இரண்டு இடங்களில் தொடும். இரண்டு இடங்களுமே C ஆக இருக்கத் தகுதியுள்ளவை.

சைன் விதியில் இது எப்படித் தெரியும்?

sin C = 60 × sin 35° ÷ 40 என்பது 0.8604 ஆகிறது. இந்தச் சைன் மதிப்புக்கு உரிய கோணம் 59.36 பாகை. அதே சைன் மதிப்பு 180 − 59.36 = 120.64 பாகைக்கும் உண்டு. கால்குலேட்டர் முதல் விடையை மட்டுமே காட்டும். இரண்டாவதைக் கணக்கிடுபவரே எழுத வேண்டும்.

இரண்டாவது கோணத்தை எப்போதும் ஏற்றுக்கொள்ளலாமா?

ஏற்கெனவே தெரிந்த கோணத்துடன் கூட்டிப் பார்க்க வேண்டும். கூட்டுத்தொகை 180 பாகைக்குக் குறைவாக இருந்தால் மட்டுமே இரண்டாவது முக்கோணம் உண்டு. மேற்கண்ட கணக்கில் 35 + 120.64 = 155.64, எனவே B மூலைக்கு 24.36 பாகை மிஞ்சுகிறது, இரண்டாவது விடையும் செல்லும்.

இரு முக்கோணங்களுக்கும் எவ்வளவு வேறுபாடு இருக்கும்?

முதல் முக்கோணத்தில் B கோணம் 85.64 பாகை, AC நீளம் 69.54 மீட்டர், பரப்பு 1,196.5 சதுர மீட்டர். இரண்டாவதில் B கோணம் 24.36 பாகை, AC நீளம் 28.76 மீட்டர், பரப்பு 494.9 சதுர மீட்டர். சென்ட் கணக்கில் முதலாவது 29.57, இரண்டாவது 12.23. எழுதப்பட்ட மூன்று அளவுகளும் மாறாமலேயே பரப்பில் 17 சென்டுக்கு மேல் வேறுபாடு வருகிறது.

கொசைன் விதியைப் பயன்படுத்தினால் இந்தக் குழப்பம் வராதா?

அதிலும் இரண்டு விடைகள் வரும். AC நீளத்தை x என்று கொண்டால் 40² = x² + 60² − 2 × 60 × x × cos 35° என்பது x² − 98.30x + 2,000 = 0 என்ற இருபடிச் சமன்பாடாகிறது. அதன் தீர்வுகள் 69.54, 28.76, இரண்டும் மிகை எண்கள் என்பதால் இரண்டும் நீளமாக இருக்கலாம். சைன் விதியில் இரண்டாவது விடையை மறக்க வாய்ப்புண்டு. இங்கே அது கண்முன் வந்து நிற்கும்.

கணக்கிடும் முன்பே எத்தனை முக்கோணம் வரும் என்று அறிய முடியுமா?

முடியும். B மூலையிலிருந்து AC வரப்புக்கு உள்ள செங்குத்துத் தொலைவை முதலில் காண வேண்டும்; இங்கே அது 60 × sin 35° = 34.41 மீட்டர். தெரிந்த கோணம் குறுங்கோணமாக இருக்கும்போது, BC அந்தத் தொலைவை விடக் கூடுதலாகவும் AB நீளத்தை விடக் குறைவாகவும் இருந்தால் இரண்டு முக்கோணங்கள் அமையும். அதாவது, BC 34.41 மீட்டருக்கும் 60 மீட்டருக்கும் இடையில் இருந்தால் இரண்டு விடைகள்.

BC அந்த எல்லைக்குள் இல்லை என்றால் என்ன ஆகும்?

BC 30 மீட்டர் என்றால் கயிறு எதிர் வரப்பை எட்டாது; sin C மதிப்பு 1.147 என்று ஒன்றுக்கு மேல் வருவதால் கால்குலேட்டர் பிழை காட்டும். BC சரியாகச் செங்குத்துத் தொலைவுக்குச் சமமானால் C மூலை செங்கோணமாகி ஒரே முக்கோணம் அமையும். BC 70 மீட்டர் என்றால் C கோணம் 29.45 பாகை; மற்றொரு மதிப்பான 150.55 பாகையை 35 உடன் கூட்டினால் 180ஐத் தாண்டுவதால் அது தள்ளப்படும்.

A மூலையில் உள்ள கோணம் 90 பாகைக்கு மேல் இருந்தால்?

அப்போது இரண்டு விடைகளுக்கு இடமில்லை. விரிகோணத்துக்கு எதிரே உள்ள BC பக்கமே மிகப் பெரியதாக இருக்க வேண்டும். BC நீளம் AB நீளத்தை விடக் கூடுதலாக இருந்தால் ஒரே முக்கோணம். சமமாகவோ குறைவாகவோ இருந்தால் முக்கோணமே அமையாது.

60, 40 மீட்டர், 35 பாகை என்ற அளவுகளுக்கு எப்போதும் இரண்டு விடைகள்தானா?

இல்லை, கோணம் எங்கே இருக்கிறது என்பதே முடிவு செய்யும். 35 பாகை என்பது 60, 40 மீட்டர் பக்கங்களுக்கு இடையே உள்ள கோணம் என்றால், மூன்றாவது பக்கம் 35.61 மீட்டர், பரப்பு 688.3 சதுர மீட்டர். வேறு விடை இல்லை. ஆகவே படத்தைப் பார்த்தவுடன் கோணக் குறி எந்த மூலையில் இருக்கிறது, அதிலிருந்து கிளம்பும் இரு பக்கங்கள் எவை என்பதை முதலில் உறுதி செய்ய வேண்டும்.

## இரண்டில் எதை ஏற்பது?

வயலைப் பொறுத்தவரை எது சரியான முக்கோணம் என்று எப்படி அறிவது?

நான்காவதாக ஒரு தகவல் வேண்டும். அது துல்லியமான அளவாக இருக்க வேண்டியதில்லை. AC வரப்பை ஒரு முறை காலடியால் அளந்தாலே அது 70 மீட்டரை ஒட்டியதா, 29 மீட்டரை ஒட்டியதா என்று தெரிந்துவிடும். B மூலையில் நின்று பார்த்தாலும் போதும்: ஏறத்தாழச் செங்கோணமாக விரிந்திருந்தால் முதல் முக்கோணம், 24 பாகை அளவுக்குக் குறுகியிருந்தால் இரண்டாவது.

களத்துக்குப் போகாமல் படத்தைப் பார்த்தே முடிவு செய்யலாமா?

படம் அளவுத்திட்டப்படி வரையப்பட்டு நேர் மேலிருந்து எடுக்கப்பட்டிருந்தால், C மூலை குறுங்கோணமா விரிகோணமா என்பதை மட்டும் பார்த்து முடிவு செய்யலாம். 59 பாகைக்கும் 120 பாகைக்கும் இடையே உள்ள வேறுபாடு கண்ணுக்கே தெரியும். ஆனால் BC நீளம் செங்குத்துத் தொலைவை நெருங்கினால் இரு கோணங்களும் 90 பாகையை ஒட்டி வந்துவிடும். அப்போது படத்தை நம்பி முடிவு செய்யக் கூடாது. கையால் தோராயமாக வரைந்த படத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

தேர்வில் எந்த விடையை எழுத வேண்டும்?

கணக்கில் வேறு நிபந்தனை தரப்படவில்லை என்றால் இரு முக்கோணங்களையும் தனித்தனியே எழுத வேண்டும். C விரிகோணம் என்றோ AC மிகப் பெரிய பக்கம் என்றோ கூறப்பட்டிருந்தால் அதற்குப் பொருந்தும் ஒன்றை மட்டும் எழுதி, மற்றொன்று தள்ளப்படும் காரணத்தைக் குறிப்பிட வேண்டும். தமிழ்நாடு பாடத்திட்டத்தில் இந்தப் பகுதி பதினோராம் வகுப்புக் கணிதப் பாடநூலின் முக்கோணவியல் அத்தியாயத்தில் வருகிறது.

அளக்கும்போதே இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க முடியுமா?

முடியும். கோணத்தை அளப்பதாக இருந்தால், டேப்பால் அளந்த இரு வரப்புகளும் சந்திக்கும் மூலையிலேயே அளக்க வேண்டும். மூன்று வரப்புகளையும் அளக்க முடிந்தால் கோணமே தேவையில்லை. புலப்படம் பக்கங்களையும் மூலைவிட்டங்களையும் பதிவு செய்வதால் அதில் இரட்டை விடைக்கு இடமில்லை.

## கால்குலேட்டரும் அளவுப் பிழையும்

ஒரே விடை வரவேண்டிய கணக்கிலும் சில நேரம் தவறான கோணம் வருவது ஏன்?

60, 40 மீட்டர் பக்கங்களுக்கு இடையே 35 பாகை உள்ள முக்கோணத்தில் மூன்றாவது பக்கம் 35.61 மீட்டர். 60 மீட்டருக்கு எதிரே உள்ள கோணத்தைச் சைன் விதியால் கேட்டால் கால்குலேட்டர் 75.11 பாகை என்று காட்டும். உண்மையான கோணம் 104.89 பாகை. இதைத் தவிர்க்க, சிறிய பக்கமான 40 மீட்டருக்கு எதிரே உள்ள 40.11 பாகையைச் சைன் விதியால் முதலில் கண்டு, மீதியை 180இலிருந்து கழிக்க வேண்டும்.

இத்தகைய தவறு நேர்ந்திருப்பதைக் கண்டுபிடிக்க வழி உண்டா?

பெரிய பக்கத்துக்கு எதிரே பெரிய கோணம் என்ற வரிசையும், மூன்று கோணங்களின் கூட்டுத்தொகையும் பொருந்தினால் மட்டும் போதாது; ஒவ்வொரு பக்கத்தையும் எதிர்க்கோணத்தின் சைன் மதிப்பால் வகுத்தால் ஒரே எண் வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். 75.11 பாகையை ஏற்றுக்கொண்டு மீதியைக் கழித்தால், 40 மீட்டருக்கு எதிரே 69.89 பாகை வரும். 40 ÷ sin 69.89° என்பது 42.6, ஆனால் 35.61 ÷ sin 35° என்பது 62.1. இரண்டும் சமமாக இல்லாததால் தவறு வெளிப்படுகிறது.

செல்போன் கால்குலேட்டரில் sin 35 குறை எண்ணாக வருவது ஏன்?

கோணத்தைப் பாகையில் எடுத்துக்கொள்ளாமல் ரேடியனில் எடுத்துக்கொண்டிருப்பதே காரணம். பாகை அமைப்பில் sin 35 மதிப்பு 0.5736, ரேடியன் அமைப்பில் அது −0.428 என்று வரும். கணக்கைத் தொடங்கும் முன் sin 30 என்று தட்டி 0.5 வருகிறதா என்று பார்த்துக்கொள்வது பாதுகாப்பானது.

கோணத்தை ஒரு பாகை தவறாக அளந்தால் எவ்வளவு பிழை வரும்?

இரு விடைக் கணக்கில் A கோணத்தை 35க்குப் பதில் 36 பாகை என்று எடுத்தால் AC நீளம் 69.54 மீட்டரிலிருந்து 67.42 மீட்டராகக் குறைகிறது. இரண்டு மீட்டருக்கு மேல் மாற்றம். இடைக்கோணக் கணக்கில் அதே ஒரு பாகைப் பிழை மூன்றாவது பக்கத்தை 35.61இலிருந்து 36.29 மீட்டராக மட்டுமே மாற்றுகிறது. ஆகவே இடைக்கோணத்தை அளப்பதில் இரட்டை விடையும் இல்லை, இங்கே பிழையும் குறைவு.

கோணம் அளக்கும் கருவி இல்லாதவர்கள் என்ன செய்யலாம்?

டேப் மட்டும் இருந்தால் போதும். மூலையிலிருந்து இரு வரப்புகளிலும் 10 மீட்டர் தொலைவில் தலா ஒரு முளை அடித்து, இரு முளைகளுக்கும் இடைப்பட்ட தொலைவை அளக்க வேண்டும். அது 6.01 மீட்டர் என்றால், கொசைன் விதிப்படி (100 + 100 − 36.12) ÷ 200 = 0.8194, கோணம் ஏறத்தாழ 35 பாகை.

விடையை எத்தனை தசம இலக்கம் வரை எழுதலாம்?

அளந்த துல்லியத்துக்கு மேல் எழுதுவதில் பயனில்லை. டேப்பால் பத்து சென்டிமீட்டர் வரைதான் உறுதியாக அளக்க முடிந்தது என்றால், விடையையும் மீட்டரில் ஒரு தசம இலக்கத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் கணக்கின் இடையில் சுருக்கக் கூடாது. கடைசி விடையை மட்டுமே சுருக்க வேண்டும்.

## அளவையும் ஆவணமும்

கணக்கிட்ட பரப்பும் பட்டாவில் உள்ள பரப்பும் மாறுபட்டால் எது செல்லும்?

தனியாகக் கணக்கிட்ட பரப்புக்கு ஆவண மதிப்பு இல்லை. அது சரிபார்க்க மட்டுமே உதவும். பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். ஒரு ஏர் 100 சதுர மீட்டர் என்பதால், மேற்கண்ட முதல் முக்கோணம் 11.97 ஏர், இரண்டாவது 4.95 ஏர். ஒப்பிடும் முன், பட்டாவில் உள்ள உட்பிரிவு எண்ணும் அளந்த வயலும் ஒன்றேதானா என்று பார்க்க வேண்டும்.

வேறுபாடு பெரிதாக இருந்தால் யாரை அணுக வேண்டும்?

முதலில் இரு முக்கோண வாய்ப்பையும் ரேடியன், லிங்க் போன்ற பிழைகளையும் சோதித்துப் பார்க்க வேண்டும். அதன் பிறகும் வேறுபாடு நீடித்தால், நில அளவை செய்யக் கோரி விண்ணப்பிக்க வேண்டும். எல்லையை அளந்து காட்டும் அதிகாரம் அரசு நில அளவருக்கே உண்டு. விண்ணப்பத்துடன் கொடுக்கும் கைவரைபடத்தில் மூன்று பக்க நீளங்களையும் எழுதிவிட்டால், எந்த முக்கோணம் என்ற கேள்வி எழாது.